பள்ளியில் கவுன்சலர் பேசிக்கொண்டிருக்கும் வாரங்களில், வீட்டில் என்ன செய்வது? தொடர் கிண்டலுக்கு ஆளான குழந்தைக்குத் தைரியம் திரும்ப ஒரு வழிகாட்டி

"நீங்க ஸ்கூல்ல பேசுறீங்க மேடம், சரி. அதுவரைக்கும் நான் வீட்ல என்ன பண்ணட்டும்?"

வலங்கைமான் பக்கத்து கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா, பள்ளிக் கவுன்சலரான என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் மகள் ஏழாம் வகுப்பு. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிறவள். வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் வயல் வரப்பு வழியாக பஸ்ஸுக்கு ஓடிவந்ததில் ஒருநாள் பாவாடை ஓரமெல்லாம் சேறு. அன்றைக்கு வகுப்பில் நான்கு பெண்கள் அவளுக்கு 'சேறு' என்று பேர் வைத்தார்கள். அத்தோடு போயிருந்தால் அது ஒருநாள் கேலி. ஆனால் மறுநாளிலிருந்து அவள் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்துவது, அவளிடம் பேசுகிறவர்களிடமும் 'டூ' விடுவது, டிபன் பாக்ஸை ஒளித்துவைப்பது என்று மூன்று வாரம் போயிற்று. திரும்பத் திரும்ப நடப்பதும், ஒருத்திக்கு எதிராக ஒரு கூட்டமாக நடப்பதும்தான் இதைச் சாதாரணச் சண்டையிலிருந்து பிரிக்கிறது. சண்டை போட்ட இருவரைச் சமாதானம் செய்துவைக்கலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் பள்ளிக்குள் என் வேலைக்கு வாரக்கணக்கில் ஆகிறது. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேச வேண்டும், எந்த இடத்தில் எந்த நேரத்தில் நடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அங்கே ஒரு பெரியவரை நிறுத்த வேண்டும், அப்புறம் அது நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் அனுபவத்தில் மூன்றிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

அந்த வாரங்களில் வீட்டில் செய்ய வேண்டியதைத்தான் இங்கே சொல்கிறேன். மொத்தத்துக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். நடந்தது பிள்ளைக்கு 'என்னால் எதுவும் செய்ய முடியாது' என்று கற்றுக்கொடுத்திருக்கிறது. பேச்சால் அதை அழிக்க முடியாது. அவள் தானே செய்து முடித்த காரியங்கள்தான் அழிக்கும். முதலில் கிண்டல் தொடாத இடங்களில், பிறகு அதன் ஓரங்களில், கடைசியாக அது நடந்த இடத்திலேயே அந்தக் காரியங்கள் நடக்க வேண்டும்.

முதல் நாள் மாலை

பாப்பா சொல்லத் தொடங்கியது விளக்கு வைத்த பிறகு, அப்பாயியிடம். பெரும்பாலும் அப்படித்தான், அம்மா அப்பாவிடம் வராது. யாரிடம் வந்தாலும் அந்த நேரத்தில் மூன்று வாக்கியங்களைத் தவிர்த்துவிடுங்கள். "நீ என்ன பண்ணே?" என்பது ஒன்று. "கண்டுக்காம விடு" என்பது இன்னொன்று, மூன்று வாரமாக அவள் அதைத்தான் செய்துபார்த்திருக்கிறாள். "நீயும் ரெண்டு குடு" என்பது மூன்றாவது. கூட்டத்துக்கு எதிரே தனியாக நிற்கிற பிள்ளைக்கு அது முடியாது, முடியவில்லையே என்ற அவமானமும் சேர்ந்துகொள்ளும்.

"இது உன் தப்பு இல்ல. சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, "நான் என்ன செஞ்சா உனக்குப் பயமா இருக்கும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி முக்கியம். பாப்பாவின் பதில், "அப்பா ஸ்கூலுக்கு வந்து சத்தம் போடக்கூடாது." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "கவுன்சலர் மேடத்துக்கிட்ட மட்டும் சொல்லணும், என்ன சொல்லப்போறேன்னு உங்கிட்ட முதல்ல சொல்லிடுறேன்" என்று சொல்லுங்கள்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, தேதி, இடம், யார், என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள் என்று அவள் சொன்னபடியே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்திருந்தால் அழிக்காமல் படம் எடுத்துவையுங்கள். நோட்டு பெரியவரிடம் இருக்கட்டும். பிள்ளை கையில் கொடுத்தால் படித்துப் படித்துக் குமைவாள். பள்ளி விட்டு வந்ததும் "இன்னைக்கு என்ன பண்ணாங்க?" என்று தினமும் விசாரிப்பதும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம் அதற்கென்று ஒதுக்குங்கள். மற்ற நேரமெல்லாம் அவள் வேறு ஆளாக இருக்கட்டும்.

அந்தப் பேரில் சாதி இருந்தால் அதை மழுப்பாமல் கவுன்சலரிடம் அப்படியே சொல்லுங்கள். நம் ஊரில் 'சேறு', 'நாத்தம்' என்ற சொற்களுக்குப் பின்னால் சில நேரம் அது இருக்கும், வீட்டில் கூச்சப்பட்டு மறைப்பார்கள். அப்போது பள்ளி எடுக்க வேண்டிய நடவடிக்கையே வேறு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. அதேபோல, உடம்பைத் தொட்டது, உடையை இழுத்தது மாதிரி பாலியல் சாயல் கொண்ட எதுவும் இருந்தால் அது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வரும். அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். வீட்டோடும் பள்ளியோடும் பேசி முடிக்கிற விஷயம் அல்ல.

கவுன்சலரோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்

வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான். மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும். பள்ளியில் இன்றைய தேதிக்கு எந்த இடம் பாதுகாப்பு, எது இன்னும் இல்லை? பிள்ளைக்கு ஏதாவது என்றால் ஓடிப்போய் நிற்க வேண்டிய அந்த ஒரு ஆசிரியர் யார்? அடுத்து நாம் பேசுவது எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான். தினமும் போன் செய்தால் பதற்றம் வீட்டுக்குள் வந்துவிடும். போனே செய்யாவிட்டால் எது பாதுகாப்பு என்று தெரியாமல் பிள்ளையை அனுப்பிவிடுவீர்கள்.

ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இடம் மாற்றுவதாக இருந்தால் கிண்டல் செய்தவர்களின் இருக்கையை மாற்றச் சொல்லுங்கள், உங்கள் பிள்ளையுடையதை அல்ல. அவளை வேறு செக்‌ஷனுக்கு அனுப்பினால் தண்டனை கிடைத்தது அவளுக்கு என்றுதான் மொத்த வகுப்பும் படித்துக்கொள்ளும். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து 'பழம்' விடச் சொல்கிற யோசனை வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பயந்த பிள்ளை அங்கே தலையாட்டிவிட்டு வரும், வெளியே வந்ததும் மிரட்டல் தொடங்கும்.

பாப்பா விஷயத்தில் தவறு நடந்தது இங்கேதான். நல்ல மனசோடு, அவள் சித்தப்பா மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் நின்று அந்த நால்வரில் ஒருத்தியை அதட்டிவிட்டார். அந்தப் பெண்ணும் பக்கத்து ஊர், இரண்டு வீட்டுக்கும் பழக்கம் உண்டு. சாயந்திரத்துக்குள் பெரியவர்கள் சண்டையாகிவிட்டது. மறுநாள் பாப்பாவுக்குப் பேர் 'போட்டுக்கொடுத்தவள்'. அதுவரை பேசாமல் ஒதுங்கி இருந்த பிள்ளைகளும் விலகினார்கள். அவள் பள்ளிக்கே போகமாட்டேன் என்றாள். ஒன்பது நாள் போகவில்லை. டெல்டா கிராமங்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால் நேரே வீட்டுக்குப் போய்ப் பேசிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து போகாதீர்கள், யாரையும் அனுப்பவும் செய்யாதீர்கள். அந்த வீட்டாரிடம் பேச வேண்டியது பள்ளி.

காலை வயிற்றுவலி

பொய் என்று திட்ட வேண்டாம், அந்த வலி உண்மையாகவே இருக்கும். ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின், கவனித்துப் பாருங்கள். ஞாயிறு மாலை தொடங்குகிறதா? லீவு நாளில் இல்லையா? பத்து மணிக்கு மேல் தானே போய்விடுகிறதா? அப்படியானால் அது பயத்தின் வலி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டில் நின்ற உடனே பிள்ளைக்கு நிம்மதி வரும். அந்த நிம்மதியே நாளைக்குப் பள்ளியை இன்னும் பயங்கரமாக்கும். ஒவ்வொரு நாளும் மதில் ஒரு கல் உயரும். அதற்காக, பாதுகாப்பு இல்லாத இடத்துக்குத் தள்ளிவிடவும் கூடாது. கவுன்சலர் "காலை நேரம் சரியாகிவிட்டது" என்று சொன்னால் காலை மட்டுமாவது போய் வரட்டும். போகவே முடியாத நாட்களில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, பள்ளி நேரத்தில் பாடம் எழுத வேண்டும். பகலில் டிவியும் போனும் வேண்டாம். இது தண்டனை இல்லை என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் இருப்பது திருவிழாவாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கிண்டல் தொடாத இடத்தில் ஒரு வேலை

நான் அதிக நேரம் செலவழிக்கிறது இதற்குத்தான். பிள்ளை முன்பு விரும்பிச் செய்து, இப்போது விட்டுவிட்ட ஒன்றைத் தேடுங்கள். அது மூன்று வகையில் பொருந்த வேண்டும். அவள் கையால் முடிவது, நாலு பேர் கண்ணில் படுவது, செய்யாவிட்டால் உண்மையிலேயே ஒரு குறை தெரிவது. புதிதாகக் கராத்தே வகுப்பில் சேர்ப்பதை நான் முதலில் சொல்வதில்லை. தெரியாத பிள்ளைகள் கூட்டத்தில், தெரியாத வேலையில் அவள் மறுபடி கடைசி ஆளாக நிற்பாள். அது பிறகு வரலாம்.

பாப்பாவுக்குக் கோலம் நன்றாக வரும், ஐப்பசியிலிருந்து தொடவில்லை. அப்பாயி கார்த்திகை மாதக் கடைசியில், "முட்டி வலிக்குது கண்ணு, மார்கழிக்கு வாசல் உன் பொறுப்பு" என்றார். கெஞ்சவில்லை, பொறுப்பைக் கைமாற்றினார். முதல் வாரம் நோட்டில் மட்டும். அடுத்து கொல்லைப்புறத்தில், யாரும் பார்க்காமல். மார்கழி ஒன்றாம் தேதி விடியற்காலை வாசலில், பதினைந்து புள்ளி எட்டு வரை இடுக்குக் கோலம்.

பாராட்டும்போது கவனம் வேண்டும். "நீ ரொம்ப தைரியசாலி, நீ சூப்பர்" என்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டாது. மனசுக்குள் 'இல்லை' என்று பதில் சொல்லிக்கொள்வார்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "மூணாவது வரிசையில புள்ளி விலகிடுச்சு, நீயே அழிச்சுத் திருத்திட்டியே" என்றார் அப்பாயி. இதை அவளால் மறுக்க முடியாது, நடந்தது அது.

நான்காம் நாள் எதிர்வீட்டு மூன்றாம் வகுப்புக் குழந்தை வந்து நின்றது. பாப்பா அதற்குப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். இதை நான் எதிர்பார்த்தே இருப்பேன். சின்னப் பிள்ளைகளோடு பழகுவது ஒரு பாலம். தன் வயதுப் பிள்ளைகள்தான் காயப்படுத்தினார்கள், அதனால் முதலில் தன்னைவிடச் சிறியவர்கள், பிறகு வேறு பள்ளியில் படிக்கும் சம வயது உறவுக்காரப் பிள்ளை, கடைசியாகத்தான் வகுப்புத் தோழி என்ற வரிசை எளிதாக இருக்கும்.

ஒரே ஒரு தோழி

வகுப்பு முழுவதும் திரும்ப வர வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார ஒருத்தி போதும், நிலைமை பெரிதும் மாறும். அவள் யார் என்று கவுன்சலரைக் கேளுங்கள். கிண்டலில் சேராமல், ஆனால் எதிர்த்தும் பேசாமல் நின்ற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. பாப்பா போகாத ஒன்பது நாளும் நோட்ஸ் எழுதிவைத்த ஒருத்தி இருந்தாள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வரச்சொன்னார்கள். நேரம் குறைவாகவும், கைக்கு ஒரு வேலையோடும் இருக்கட்டும், கொழுக்கட்டை பிடிக்கலாம், சார்ட் ஒட்டலாம். சும்மா எதிரெதிரே உட்காரவைத்தால் இரண்டு பேரும் தவிப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் நடந்ததைப் பற்றி விசாரிக்கவே கூடாது. உளவு பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று தோன்றினால் அடுத்த வாரம் வரமாட்டாள்.

வாய்ப்பழக்கம், ஐந்து நிமிடம்

புத்திசாலித்தனமான எதிர்க்கேலிகளைச் சொல்லித்தராதீர்கள். பயத்தில் அவை வாயில் வராது. ஒரு சின்ன வாக்கியம் போதும். பாப்பா தேர்ந்தெடுத்தது, "என் பேரு அது இல்ல." சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துபோய் அந்த ஆசிரியரிடம் நிற்க வேண்டும். இரவில் ஐந்து நிமிடம் சித்தப்பா கிண்டல் செய்கிறவராக நடித்தார் (பஸ் ஸ்டாப் விஷயத்துக்கு அவர் செய்த பரிகாரம் அது). முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் குரல் உயர்த்தி. உண்மையான பட்டப்பெயரை வீட்டில் உச்சரிக்க வேண்டாம், வேறு ஏதாவது சொல் போதும். பிள்ளை முகம் வாடினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பெரியவரிடம் சொல்வதையும் இப்படியே பழக்குங்கள். "மிஸ், இன்டர்வெல்ல, தண்ணிக் குழாய்கிட்ட, என் பாட்டிலைப் பிடுங்கினாங்க." எப்போது, எங்கே, என்ன, அவ்வளவு போதும். அழுதுகொண்டே சொல்வதைவிட இது ஆசிரியரைச் சீக்கிரம் எழவைக்கும். ஆனால் கிண்டலை நிறுத்துவது அவள் வேலை அல்ல. அந்த வாக்கியம் பலிக்காவிட்டால் அவள் தோற்றுவிட்டாள் என்று ஆகிவிடக் கூடாது, இதை அவளிடம் வாய்விட்டே சொல்லுங்கள். அடிதடி என்றால் வாக்கியமே வேண்டாம், ஓடி வந்துவிட வேண்டும்.

படிக்கட்டு

இப்போது பள்ளிக்குத் திரும்புவது. பயமான இடங்களைப் பிள்ளையையே சொல்லவைத்து, பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு பயம் என்று மார்க் போடச் சொல்லுங்கள். குறைந்த மார்க்கிலிருந்து மேலே ஏற வேண்டும். பாப்பாவின் படிக்கட்டு இப்படி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம் போட்டு அம்மாவோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வருவது, மூன்று மார்க். அதே ஊரிலிருந்து போகும் பதினொன்றாம் வகுப்பு அக்காவோடு பஸ்ஸில் போய் மதியம் வரை இருப்பது, ஐந்து. ஆசிரியர்கள் சாப்பிடும் வராண்டாவில் அந்தத் தோழியோடு சாப்பிடுவது, ஆறு. முழுநாள், ஏழு. வேப்பமரத்தடியில் வகுப்போடு சாப்பிடுவது, எட்டு. அக்கா இல்லாமல் பஸ்ஸில் திரும்புவது, ஒன்பது.

ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் போட்ட மார்க் கிட்டத்தட்ட பாதியாகும்போது அடுத்த படி. வராண்டா ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்க அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. ஒரு படி கை நழுவினால் அதற்கு முந்தைய படிக்கு மட்டும் இறங்குங்கள், தொடக்கத்துக்குப் போகாதீர்கள். முக்கியமான விதி இது: பள்ளியில் அந்த இடம் சரிசெய்யப்பட்ட பிறகுதான் அந்தப் படி. வேப்பமரத்தடியில் மேற்பார்வைக்கு ஆள் போட எனக்கு மூன்று வாரம் பிடித்தது, அதுவரை அவள் வராண்டாவிலேயே சாப்பிட்டாள். வீடு அவசரப்பட்டிருந்தால் எல்லாம் கலைந்திருக்கும். படி ஏறியும் பயம் குறையவே இல்லை என்றால், பிள்ளைக்குத் தைரியம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அங்கே இன்னும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் கவுன்சலரிடம் சொல்லுங்கள்.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

தேறுகிற பிள்ளை "எனக்குப் பயம் போயிடுச்சு" என்று சொல்லாது. சம்பந்தமில்லாத பேச்சு வரும்: மேத்ஸ் சார் சட்டை, பஸ்ஸில் ஏறிய ஆட்டுக்குட்டி. டிபன் பாக்ஸ் காலியாக வரும். தம்பியோடு மறுபடி சண்டை போடும்.

எதிர்ப்பக்கம், இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கம், சாப்பாடு திரும்பவில்லை, பிடித்த எதையும் தொடுவதில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். "நான் இல்லாமப் போனா நல்லா இருக்கும்" என்ற மாதிரி பேச்சு, கையைக் கீறிக்கொள்வது, இவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாமல் நேராகவே கேளுங்கள், தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வயல் வீடுகளில் அது கை எட்டும் இடத்திலேயே இருக்கிறது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மனநல உதவிக்கு 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, இரண்டும் இரவு பகல் எடுப்பார்கள். பள்ளி பாராமுகமாக இருந்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது.

லீவுக்குப் பிறகு

அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் படிக்கட்டில் இரண்டு படியைத் தின்றுவிடும். திறப்பதற்கு முந்தைய நாள் வயிற்றுவலி திரும்பினால் அதிர்ச்சி வேண்டாம். லீவிலேயே தோழியை ஒருமுறை வரவழையுங்கள், திறக்கிற அன்று ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள், கவுன்சலரிடம் அந்த வாரம் முழுவதும் கண் வைக்கச் சொல்லுங்கள். பாப்பா பொங்கல் முடிந்து வந்த முதல் இரண்டு நாள் மறுபடி வராண்டாவில் சாப்பிட்டாள், மூன்றாம் நாள் தானே வேப்பமரத்தடிக்குப் போனாள்.

நோட்டை முழு ஆண்டுத் தேர்வு வரை வைத்திருங்கள். ஆண்டு மாறி வகுப்பு பிரியும்போது யார் யார் ஒரே செக்‌ஷன் என்று பள்ளியோடு பேச அது தேவைப்படும். பாப்பாவின் அம்மா கடைசியாக அதில் எழுதியது மாசி மாதத்தில்: "நாளையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு என்னை வர வேண்டாம் என்கிறாள்."